ஆடுசதை அசையட்டும்

1940ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லண்டன் நகரின் மீது ஜெர்மானிய விமானங்கள் இரவுதோறும் குண்டு பொழிந்தன. மக்கள் பதுங்கிடங்களில் விடிய விடியக் காத்திருந்தார்கள். படுக்க இடம் கிடைக்காதவர்கள், கடற்கரையில் போடும் கித்தான் சாய்வு நாற்காலிகளைக் கொண்டுவந்து அதிலேயே உட்கார்ந்து தூங்கினார்கள். குண்டுக் காயம் ஏதும் படாத சிலர், இப்படி இரவைக் கழித்த பிறகு, திடீரென்று மூச்சுத் திணறி விழுந்து இறந்தார்கள். அப்படி இறந்தவர்களைப் பற்றி அந்த டிசம்பரில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் கீத் சிம்ப்சன் என்ற தடயவியல் மருத்துவர் எழுதினார். நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயை ஒரு ரத்தக்கட்டி அடைத்திருந்தது. அந்தக் கட்டி காலில் உருவாகி, மேலே ஏறி வந்தது. நாற்காலியின் முன்பக்க மரச்சட்டம் தொடையின் அடிப்பகுதியை இரவு முழுக்க அழுத்திக்கொண்டிருந்ததைத்தான் அவர் காரணமாகச் சொன்னார்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1954இல், பாஸ்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜான் ஹோமன்ஸ் இதே ரத்தக்கட்டியை வேறு சிலரின் கால்களில் பார்த்து எழுதினார். அவர்களில் நீண்ட விமானப் பயணம் செய்தவரும் உண்டு, காரில் வெகுதூரம் போனவரும் உண்டு, நாடகம் பார்க்க உட்கார்ந்திருந்தவரும் உண்டு. ‘எகானமி கிளாஸ் சிண்ட்ரோம்’ என்ற பெயர் வந்தது அதற்கும் பிறகு, 1970களில்தான்.

அந்தப் பெயர் பரவியதால் ஒரு தவறான எண்ணமும் பரவிவிட்டது. ஆகாயத்தில் பறப்பதால் கட்டி வருகிறது, மலிவு டிக்கெட்டில் போனால் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பிசினஸ் வகுப்பில் போகிறவருக்கும் அது வரும், அசையாமல் கிடந்தால். ராத்திரி பஸ்ஸில் போகிறவருக்கும் வரும். முழங்காலை மடித்து, பல மணி நேரம், ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் இதன் வேர். விமானம் அந்த நிலைமையை மிக நீளமாக நமக்கு உண்டாக்கித் தருகிறது, அவ்வளவுதான்.

காலில் என்ன நடக்கிறது?

இதயம் அழுத்தித் தள்ளுவதால் ரத்தம் பாதம் வரை இறங்கிவிடுகிறது. திரும்பி மேலே ஏற அதற்கு அந்த அழுத்தம் போதாது. அந்த வேலையைச் செய்வது கெண்டைக்காலில் இருக்கும் ஆடுசதை. தெருவில் இருக்கும் அடிபம்பு மாதிரிதான் அது. நடக்கும்போது ஆடுசதை இறுகி, உள்ளே ஆழத்தில் ஓடும் சிரைகளைப் பிழிகிறது. ரத்தம் மேலே போகிறது. சதை தளரும்போது ரத்தம் மறுபடி கீழே விழுந்துவிடாமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தடுத்துக்கொள்கின்றன. கைப்பிடியை யாரும் அடிக்காவிட்டால் பம்பு நின்றுபோகும்.

உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பம்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. போதாததற்கு முழங்கால் மடிந்திருக்கிறது. தொடையின் அடிப்பகுதியை இருக்கையின் விளிம்பு அழுத்துகிறது. வால்வுகளுக்குப் பின்னால் உள்ள சிறிய பைகளில் ரத்தம் தேங்குகிறது. தேங்கிய ரத்தம் உறையத் தொடங்கலாம். பெரும்பாலும் இந்தக் கட்டிகள் சிறியவை. உடலே கரைத்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. சிலருக்கு மட்டும் அது வளர்ந்து, முழங்காலைத் தாண்டித் தொடைச் சிரைக்குள் நீளும். அங்கிருந்து ஒரு துண்டு பிய்ந்துகொண்டு போனால் இதயத்தின் வழியாக நேரே நுரையீரலுக்குத்தான் போய்ச் சேரும்.

இது எத்தனை பேருக்கு நேர்கிறது என்பதையும் சரியான அளவில் புரிந்துகொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவு 2007இல் வெளிவந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பயணம் செய்தால், விமானமானாலும் ரயிலானாலும் பஸ்ஸானாலும், இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்றது அந்த ஆய்வு. இரண்டு மடங்கு என்றாலும் ஆரோக்கியமான ஒருவருக்கு அது ஆறாயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் நிற்கிறது. பயப்பட வேண்டிய அளவு இல்லை. ஆனால் எல்லோருக்கும் அது ஆறாயிரத்தில் ஒன்றாக இருப்பதில்லை.

முன்பு ஒருமுறை காலிலோ நுரையீரலிலோ கட்டி வந்தவர்கள், அண்மையில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் (குறிப்பாக இடுப்பு, முழங்கால் மாற்றுச் சிகிச்சை), புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள், கர்ப்பிணிகள், பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர்கள், ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். ஹார்மோன் மாத்திரை என்றால் கர்ப்பத்தடை மாத்திரை மட்டும் என்று நினைக்கக் கூடாது. பயண நேரத்தில் மாதவிலக்கு வராமல் தள்ளிப்போட மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்களே, அந்த மாத்திரையும் இந்தக் கணக்கில் சேரும். நீண்ட பயணத்துக்கு முன் அதை டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உயரம். நெதர்லாந்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், விமானப் பயணத்தால் வரும் கட்டி மிக உயரமானவர்களுக்கும், 160 செ.மீ.க்குக் குறைவாக உயரம் உள்ளவர்களுக்கும் கூடுதலாக இருந்தது. உயரமானவருக்குக் காலை நீட்ட இடமில்லை. குள்ளமானவருக்குக் கால் தரையில் பதியவில்லை. தொங்கும் காலின் முழு எடையும் இருக்கை விளிம்பில், முழங்காலுக்குப் பின்னால் விழுகிறது. லண்டனின் மரச்சட்டம் செய்த வேலையை இங்கே இருக்கையின் விளிம்பு செய்கிறது. நம் ஊர்ப் பெண்களில் பெரும்பாலோர் 160 செ.மீ.க்கு உட்பட்டவர்கள்தான்.

தஞ்சாவூரிலிருந்து சான்பிரான்சிஸ்கோ

மகளின் பிரசவத்துக்காகத் தஞ்சாவூரிலிருந்து கலிஃபோர்னியா புறப்படும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். வயது 64, உயரம் 152 செ.மீ., எடை 78 கிலோ. இரண்டு கால்களிலும் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது. வெரிகோஸ் வெயின் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று நீர் பிரியும் மாத்திரை. கூட அவருடைய கணவரும் வருகிறார். இப்படி ஒரு பயணியை எந்தச் சர்வதேச விமானத்திலும் பார்க்கலாம்.

டிக்கெட்டில் சென்னையிலிருந்து துபாய் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், துபாயிலிருந்து சான்பிரான்சிஸ்கோ சுமார் பதினாறு மணி நேரம் என்று இருக்கும். ஆனால் அவருடைய கால்களுக்குப் பயணம் சென்னையில் தொடங்குவதில்லை. தஞ்சாவூரிலிருந்து காரில் ஆறேழு மணி நேரம், விமான நிலையத்தில் இரண்டு மூன்று மணி நேரம், துபாயில் காத்திருக்கும் நேரம் என்று எல்லாமே உட்கார்ந்த நேரம்தான். பதினாறு மணி நேரப் பறத்தலுக்கு ஏறுவதற்கு முன்பே அரைநாளுக்கு மேல் அவர் உட்கார்ந்தாகிவிட்டது. பாரிஸ் விமான நிலையத்தில் 1993 முதல் 2000 வரை வந்திறங்கிய பயணிகளை வைத்துச் செய்த ஆய்வில், 5,000 கி.மீ.க்குக் குறைவாகப் பறந்தவர்களில் நுரையீரல் அடைப்பு ஏறக்குறைய இல்லை, 10,000 கி.மீ.க்கு மேல் பறந்தவர்களில் பத்து லட்சத்துக்கு ஐந்து பேர் வரை, இறங்கிய கையோடு அந்த அடைப்பால் விழுந்தார்கள். துபாய்–சான்பிரான்சிஸ்கோ சுமார் 13,000 கி.மீ.

ஆகவே கார்ப் பயணத்திலேயே கணக்கைத் தொடங்க வேண்டும். விக்கிரவாண்டியில் டீக்கு நிறுத்தும்போது அம்மா காருக்குள்ளேயே இருந்துகொண்டு “எனக்கு வேண்டாம்ப்பா, நீங்க குடிச்சிட்டு வாங்க” என்று சொல்லக் கூடாது. இறங்கிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். வழியில் இன்னும் ஒருமுறை நிறுத்தினாலும் நல்லது.

அடுத்தது சக்கர நாற்காலி. வெளிநாடு போகும் பெற்றோருக்குப் பிள்ளைகள் சக்கர நாற்காலி உதவி பதிவுசெய்து கொடுப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. நடக்க முடியாதவர்களுக்கு அது அவசியம். நன்றாக நடக்கிறவர்களுக்கும், துபாய் போன்ற பெரிய விமான நிலையத்தில் வழி தெரியாமல் திண்டாடக் கூடாது, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்ற அக்கறையில் அதைப் போட்டுவிடுகிறார்கள். அந்த அக்கறை நியாயமானது. ஆனால் ஒரு விமானத்துக்கும் இன்னொரு விமானத்துக்கும் நடுவில் கால்களுக்குக் கிடைக்கும் ஒரே நல்ல நடை அந்த இடைவெளிதான். நடக்க முடிந்தவர், அடுத்த விமானத்தின் வாசல் தெரிந்த பிறகாவது நாற்காலியை விட்டு எழுந்து, அந்தக் கூடத்திலேயே அங்கும் இங்கும் அரைமணி நேரம் நடக்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து நடந்தால் வழி தவறும் பயமும் இல்லை.

எந்த இருக்கை?

தம்பதியாகப் போகும்போது வழக்கமாக என்ன நடக்கும்? ‘அம்மாவுக்கு ஜன்னல் சீட்’ என்று ஆசையாகப் போட்டுக் கொடுப்பார்கள். மூன்று பேர் வரிசையில் ஜன்னலோரம் அம்மா, நடுவில் அப்பா, ஓரத்தில் முன்பின் தெரியாத ஒருவர். அவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டால் அம்மாவுக்கு எழுந்து போக மனசு வராது. தாகத்தையும் அடக்கிக்கொள்வார், சிறுநீரையும் அடக்கிக்கொள்வார். ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்குக் கட்டி வரும் வாய்ப்பு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தவர்களைவிடக் கூடுதல் என்றும், உடல் பருமன் உள்ளவர்களுக்கு அந்த வேறுபாடு இன்னும் பெரிது என்றும் ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஜன்னலில் ஆபத்து ஏதும் இல்லை. அங்கே உட்கார்ந்தவர் எழுந்திருப்பதில்லை.

இந்தத் தம்பதிக்கு நான் சொல்லும் இடம் ஒரே வரிசையில், நடைபாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக எதிரெதிரே உள்ள இரண்டு ஓர இருக்கைகள். மூன்று, நான்கு, மூன்று என்று பத்துப் பேர் உட்காரும் வரிசையிலும், மூன்று மூன்றாக ஒன்பது பேர் உட்காரும் வரிசையிலும் C, D என்று குறிக்கப்பட்டவை பெரும்பாலும் இப்படி அமையும். இணையத்தில் இருக்கைப் படத்தைத் திறந்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம். கை நீட்டினால் தொட்டுக்கொள்ளும் தூரம். யாரையும் எழுப்பாமல் இருவரும் எழுந்து போகலாம். உள்ளே இருப்பவர் வழி கேட்டு நம்மை எழுப்பினாலும் அது நம் கால்களுக்கு நல்லதுதான்.

அவசர வழிக்குப் பக்கத்து இருக்கையில் கால் வைக்க நிறைய இடம் உண்டு. ஆனால் ஆபத்து நேரத்தில் கதவைத் திறக்கும் வலு உள்ளவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். சக்கர நாற்காலி கேட்டவருக்குக் கிடைக்காது. தடுப்புச் சுவரை ஒட்டிய முன்வரிசை விசாலமாகத் தெரிந்தாலும் அங்கே சாப்பாட்டுப் பலகை கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் கைப்பிடியை உயர்த்த முடியாது, இருக்கையும் சற்று குறுகல். பருமனானவருக்கு அது வசதிப்படாது. கைக்குழந்தைத் தொட்டிலும் அங்கேதான் மாட்டுவார்கள். கழிவறைக்கு மிக அருகில் இருந்தால் ராத்திரி முழுக்கக் கதவுச் சத்தம். நாலைந்து வரிசை தள்ளி எடுப்பது நல்லது.

எந்த இருக்கையானாலும் கைப்பையை முன் இருக்கைக்கு அடியில் திணிக்காமல் மேல் தட்டில் வைத்துவிட வேண்டும். கால் நீளும் இடம் அது ஒன்றுதான். அம்மாவுக்குக் கால் தரையில் எட்டவில்லை என்றால் மட்டும் இதற்கு விலக்கு. அங்கே சிறிய, தட்டையான பை ஒன்றை வைத்து அதன்மேல் பாதத்தைப் பதித்துக்கொள்ளலாம். மடித்த போர்வையும் உதவும். தொடைக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே கையை நுழைத்துப் பார்த்தால் போதும். கை தாராளமாக நுழைந்தால் அழுத்தம் இல்லை. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காலடியில் எதுவும் இருக்கக் கூடாது என்பார்கள், அப்போது எடுத்துவிடலாம். கால்மேல் கால் போட்டபடி மணிக்கணக்கில் இருக்க வேண்டாம்.

காலுறை

இந்த அம்மாவுக்கு உடல் பருமனும் வெரிகோஸ் வெயினும் இருப்பதால், முழங்கால் வரை வரும் அழுத்தக் காலுறை பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்கும் வகை இது. பயணத்துக்குப் பரிந்துரைக்கப்படுவது கணுக்காலில் 15 முதல் 30 மி.மீ. பாதரச அழுத்தம் தரும் காலுறை. இதற்கு நல்ல சான்று இருக்கிறது. காலுறை போட்டும் போடாமலும் பறந்தவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, ஆழ்சிரையில் கட்டி தென்பட்டவர்கள் 50 பேர். அவர்களில் காலுறை போட்டிருந்தவர்கள் மூன்றே பேர். அவை எல்லாமே வலியோ வீக்கமோ தராத சிறு கட்டிகள்தான் என்பதையும் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்தான கட்டியைக் காலுறை எவ்வளவு தடுக்கிறது என்பதை அந்த ஆய்வுகளால் காட்ட முடியவில்லை.

ஆபத்துக் காரணம் ஒன்றும் இல்லாத ஆரோக்கியமானவருக்குக் காலுறை தேவையில்லை என்பதே மருத்துவர் சங்கங்களின் கருத்து. வெரிகோஸ் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. 2001இல் லண்டனில் நடந்த ஆய்வில், காலுறை போட்டவர்களில் நான்கு பேருக்கு முழங்கால் பக்கத்து வெரிகோஸ் நரம்பு அழன்று வீங்கியது. காலுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்கள் இதைப் போடவே கூடாது. இறுக்கம் அதிகமானாலும் அவர்களுக்குத் தெரியாது.

அளவு எடுக்காமல் வாங்கிய காலுறை பயன் தராது. காலையில் எழுந்தவுடன், கால் வீங்குவதற்கு முன், கணுக்காலின் மெல்லிய இடத்தையும் ஆடுசதையின் பருத்த இடத்தையும் டேப்பால் அளந்து கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். புறப்படும் நாள் காலையிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். மேல் விளிம்பை மட்டும் சுருட்டி மடிக்கக் கூடாது, மடித்த இடத்தில் அது கயிறு கட்டினாற்போல் இறுக்கிவிடும். விரல் மரத்துப்போனால், நீலம் பாய்ந்தால் உடனே கழற்றிவிட வேண்டும்.

விளக்கணைத்த பிறகு

விமானத்தில் சாப்பாடு முடிந்து விளக்கை அணைத்த பின் வரும் ஐந்தாறு மணி நேரம்தான் கால்களுக்கு மோசமான நேரம். அதற்கு முன்பும் பின்பும் எப்படியோ எழுந்துவிடுகிறோம். அந்த நேரத்தில் தூக்க மாத்திரை போட்டுக்கொள்வதும் மது குடிப்பதும் தவறு. அசையாமல், காலை மடக்கியபடி, கோணலாகக் கிடக்கும் தூக்கம் அது. இயல்பாகத் தூங்குகிறவர் கால் வலித்தால் தானே புரண்டு நீட்டிக்கொள்வார்.

காலுக்கான பயிற்சியை விமானத்தில் வீடியோவாகவே காட்டுவார்கள். பலரும் பாதத்தை லேசாக ஆட்டிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். அது போதாது. குதிகாலைத் தரையில் ஊன்றி, விரல்களை மேலே முடிந்தவரை தூக்கி மூன்று எண்ணும் வரை நிறுத்த வேண்டும். பிறகு விரல்களைத் தரையில் அழுத்தி, குதிகாலை உயர்த்தி அதேபோல மூன்று எண்ண வேண்டும். செய்யும்போது ஒரு கையை ஆடுசதை மேல் வைத்துப் பாருங்கள். கைக்கடியில் சதை கல்லாக இறுகி, பிறகு தளர வேண்டும். இறுகவில்லை என்றால் பம்பு வேலை செய்யவில்லை. விழித்திருக்கும் நேரத்தில் அரைமணிக்கு ஒருமுறை, இருபது தடவை செய்தால் ஒன்றிரண்டு நிமிடம்தான் ஆகும்.

ஒன்றரை மணிக்கோ இரண்டு மணிக்கோ ஒருமுறை எழுந்து, விமானத்தின் பின்பக்கம் பணியாளர்கள் இருக்கும் இடம் வரை நடக்கலாம். அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது நடப்பதைவிடவும் நல்ல பயிற்சி. சீட் பெல்ட் விளக்கு எரியும்போது எழக் கூடாது. அப்போது உட்கார்ந்தபடியே செய்தால் போதும்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நிறையத் தண்ணீர் குடித்தால் கட்டி வராது என்று எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை. விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் இருபது சதவீதத்துக்கும் கீழே போகிறது. தொண்டை, மூக்கு, கண் எல்லாம் வறண்டு போகின்றன. ஆனாலும் உடலில் இருந்து அதனால் கூடுதலாகப் போகும் நீர் நாம் நினைப்பதைவிடக் குறைவு. உண்மையில் நீர் குறைவது, கழிவறைக்குப் போக வேண்டுமே என்று பயந்து நாமே குடிக்காமல் இருப்பதால்தான். புடவையோடு அந்தச் சின்ன அறைக்குள் திரும்பக்கூட முடியாது என்ற சங்கடம் பெண்களுக்கு நிஜமான சங்கடம். பயணத்துக்கு மட்டுமாவது தளர்வான சுடிதார் போட்டுக்கொண்டால் அது பெருமளவு தீரும்.

விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு சிறு டம்ளர் என்ற கணக்கில் குடித்தால் தலைவலியும் எழுந்தவுடன் வரும் கிறுகிறுப்பும் குறையும். இன்னொரு பலனும் உண்டு. குடித்தவர் எழுந்து போய்த்தான் ஆக வேண்டும். இருதயப் பலவீனம், சிறுநீரகக் கோளாறு காரணமாக இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் அளவு வைத்திருப்பவர்கள் அந்த அளவைத் தாண்டக் கூடாது. நம் அம்மா தன் நீர் மாத்திரையைப் பயண நாளில் எந்த நேரத்துக்குச் சாப்பிடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்; தானாக நிறுத்தக் கூடாது.

‘ரத்தம் இளகட்டும்’ என்று புறப்படும் முன் ஆஸ்பிரின் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொள்ளும் வழக்கமும் பரவியிருக்கிறது. இந்தக் கட்டியைத் தடுக்க மட்டும் என்று அதைச் சாப்பிடுவதை மருத்துவ வழிகாட்டுதல்கள் ஏற்கவில்லை. வயிற்றில் ரத்தக் கசிவு உண்டாக்கும் மருந்து அது. இதயத்துக்காக ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் வழக்கம்போலத் தொடர வேண்டும். ஆபத்து மிகக் கூடுதலாக உள்ள சிலருக்கு, உதாரணமாக முன்பே கட்டி வந்தவருக்கு, பயணத்துக்கு முன் போட்டுக்கொள்ள ஹெப்பாரின் வகை ஊசியை டாக்டர் எழுதித் தரலாம். அது அவர் முடிவு.

இறங்கிய பிறகு

பயணம் முடிந்ததும் இரண்டு கால்களும் சமமாக வீங்கியிருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. காலை உயர்த்தி வைத்துத் தூங்கி எழுந்தால் ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கினால்தான் கவனிக்க வேண்டும். இதற்கு வீட்டில் இருக்கும் தையல் டேப் போதும். முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பில் ஒரு சிறு மேடு கைக்குத் தட்டுப்படும். அங்கிருந்து 10 செ.மீ. கீழே இரு கால்களிலும் சுற்றளவை அளந்து பாருங்கள். ஒரு கால் மற்றதைவிட 3 செ.மீ.க்கு மேல் பருத்திருந்தால் டாக்டர்கள் அதை முக்கியமான அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஊரிலிருந்து புறப்படும் முன்பே ஒருமுறை அளந்து எழுதி வைத்திருந்தால், இயல்பாகவே உள்ள வேறுபாடும் தெரிந்துவிடும். அளவு சரியாக இருப்பதாலேயே கட்டி இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. ஆடுசதையில் விடாத வலி, தொட்டால் சூடு, தோல் சிவப்பது ஆகியவையும் அறிகுறிகள்தான்.

அப்படிப்பட்ட காலைத் தைலம் தேய்த்து நீவி விடவே கூடாது. கால் வலி என்றால் நம் வீடுகளில் முதலில் செய்வது அதுதான். உள்ளே கட்டி இருந்தால் அது பிய்ந்துகொள்ள நீவுதலே வழியாகிவிடலாம். டாக்டரிடம் போனால் டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையும், காலுக்கு டாப்ளர் ஸ்கேனும் எடுப்பார்கள். கட்டி இருந்தால் அது வளராமல் தடுக்கும் மருந்தைப் பெரும்பாலும் மூன்று மாதமாவது சாப்பிட வேண்டியிருக்கும்.

திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தும் வலி, இருமலில் ரத்தம், மயக்கம், காரணமில்லாத படபடப்பு என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அமெரிக்காவில் 911, இங்கே 108. வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வது, பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது என்று அம்மாக்கள் வாய் திறக்காமல் இருப்பது இரண்டுமே நடக்கின்றன. அமெரிக்க மருத்துவச் செலவு பயமுறுத்தும் செலவுதான். அதனால்தான் டிக்கெட் எடுக்கும் நாளிலேயே பார்வையாளர் மருத்துவக் காப்பீட்டையும் எடுத்து, அம்மாவின் பழைய நோய்கள் அதில் எவ்வளவு அடங்கும் என்று படித்துப் பார்த்துவிட வேண்டும். காப்பீடு இருக்கிறது என்பதை அவருக்குத் தெரியும்படி சொல்லியும் வைக்க வேண்டும்.

கட்டி பெரும்பாலும் விமானத்திலேயே தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. பயணம் முடிந்த முதல் இரண்டு வாரங்களில்தான் ஆபத்து மிக அதிகம். பிறகு படிப்படியாகக் குறைந்து, எட்டு வாரத்தில் பழைய நிலைக்கு வருகிறது. ஆறு மாதம் கழித்து அம்மா ஊர் திரும்பும்போது இதே கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தஞ்சாவூர் டாக்டருக்கு அவர் எங்கிருந்து எப்போது வந்தார் என்பது நாம் சொன்னால்தான் தெரியும். எனவே பயணத்துக்குப் பிந்தைய இரண்டு மாதங்களில் கால் வலிக்கோ மூச்சு வாங்குவதற்கோ எந்த டாக்டரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், “இத்தனாம் தேதி இவ்வளவு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து வந்தேன், டாக்டர்” என்று முதலில் சொல்லிவிடுங்கள்.